இரண்டு கேள்விகளுக்கு நான் எழுதிய விடை

சரவணம்பட்டியில் உள்ள எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் வேலை கேட்டு வருபவர்களுக்கு முதலில் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுப்போம். எல்லாம் அடிப்படைக் கேள்விகள். ஏழு விடை சரியாக இருந்தால்தான் நேர்காணல். அந்தத் தாளையும் விடைக்குறிப்பையும் தயாரித்தவள் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கல்லூரி நோட்டைப் பார்த்து ஒரே மதியத்தில் எழுதிக் கொடுத்தேன். அதன்பிறகு அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சென்ற ஆண்டு சூலூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். குழந்தைகளுக்காக வேலையை விட்டு எட்டு வருடம் வீட்டிலிருந்துவிட்டு, தானாகவே படித்து மறுபடி முயற்சி செய்கிறவர். தாளைத் திருத்தியதில் ஆறுதான் சரி. அதைச் சொன்னதும் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"ஏனுங்க மேடம், எது தப்புன்னு பாக்கலாங்களா?"

காட்டினேன். பக்கத்தில், எனக்குப் பின் வேலைக்குச் சேர்ந்த எங்கள் மேலாளரும் இருந்தார்.

ஒரு கேள்வி சி மொழி பற்றியது. ஒரு ஃபங்ஷனை, அதாவது நிரலின் ஒரு சிறு பகுதியை, பெயர் சொல்லி அறிவித்து, அழைத்தும் விட்டோம்; ஆனால் அது செய்யவேண்டிய வேலையை எங்கும் எழுதவில்லை. பிழையைச் சொல்வது எது? நாம் எழுதுவதைக் கணினியின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் என்பது என் குறிப்பு. அவர் லிங்கர் என்று எழுதியிருந்தார்.

"கம்பைலர் ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாத்தானுங்க பாக்கும்," என்றார். "இந்தப் பேருல ஒண்ணு இருக்குதுன்னு அறிவிச்சிருந்தாப் போதும், நம்பி மெஷின் கோடா மாத்தி ஆப்ஜெக்ட் ஃபைலக் குடுத்துருமுங்க. அந்த ஃபைல்களையெல்லாம் ஒண்ணாக் கோத்து, அந்த ஃபங்ஷன் நெசமா எங்க இருக்குதுன்னு தேடறது லிங்கருங்க. காணோம்னு சொல்றதும் அதுதானுங்க."

இன்னொரு கேள்வி பைதான் பற்றியது. நிரலை ஓட்டும்போது கம்பைல் நடக்கிறதா? இல்லை, இன்டர்பிரெட்டர் வரிவரியாகப் படித்து ஓட்டுகிறது என்பது என் குறிப்பு. நடக்கிறது என்று எழுதியிருந்தார் அவர்.

"முதல் வரியில ஒரு பிரிண்ட் போடுங்க. கடைசி வரியில ஒரு அடைப்புக்குறிய மூடாம உட்டுப்போட்டு ஓட்டிப் பாருங்க மேடம்."

என் மடிக்கணினியில் அப்படியே செய்தேன். பிழைச் செய்தி மட்டும் வந்தது. முதல் வரி அச்சாகவே இல்லை.

"வரிவரியாப் படிச்சு ஓட்டுனா முதல் வரியாச்சும் வந்திருக்கோணுமில்லீங்களா? மொதல்ல முழு ஃபைலையும் பைட்கோடுங்கற இடைநிலை வடிவமா மாத்திப் பாக்குதுங்க. அதுக்கப்பறந்தான் இன்டர்பிரெட்டர் அந்த பைட்கோட ஓட்டுது."

"அப்ப ஜாவாவும் பைதானும் ஒண்ணாம்மா?" என்றார் மேலாளர். குரலில் கேலி இருந்தது.

"ஜாவாவுல பைட்கோடா மாத்தறத பெரும்பாலும் முன்னாடியே தனியாச் செஞ்சுபோடறோமுங்க சார். பைதான் ஓட்டறப்பவே தானாச் செஞ்சுக்குது. ஜாவாவுல இன்னொண்ணு, அடிக்கடி ஓடற பகுதிய ஓடறப்பவே மெஷின் கோடா மாத்திக்குமுங்க."

அவர் சொன்னது எதுவும் எனக்குப் புதிதில்லை. பைதான் தன் பைட்கோடைச் சேமித்து வைக்கும் கோப்புறையை என் வேலையில் தினமும் பார்க்கிறவள் நான். லிங்கர் பிழைகளோடு மல்லுக்கட்டி நாட்களைத் தொலைத்தவள். குறிப்பை எழுதிய காலத்தில் தெரியாது; இப்போது நன்றாகத் தெரியும்.

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "ஆன்சர் கீயை மாத்துனா இதுக்கு முன்னாடி வந்தவங்களுக்கெல்லாம் என்னங்க பதில் சொல்றது? யாரு போட்ட கீ இது?"

அந்த ஒரு நொடியை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். நான்தான் என்று சொல்லியிருக்கலாம். "ரொம்பப் பழசுங்க சார், யாரு போட்டதுன்னு தெரியல," என்றேன்.

"அப்ப இருக்கற கீப்படியே போயிரலாமுங்க," என்று மேலாளர் எழுந்தார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சரிங்க மேடம், வாரேனுங்க," என்று பையை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் அந்த இரண்டு விடைகளையும் யாரிடமும் சொல்லாமல் திருத்தினேன். யாரும் கவனிக்கவில்லை. இதற்கா அவ்வளவு பயந்தேன் என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

நான்கு மாதம் கழித்து இன்னோர் இடம் காலியானபோது, அவரது விண்ணப்பத்திலிருந்த எண்ணுக்கு நானே பேசினேன். மறுபடி வந்து எழுதச் சொன்னேன். விடைக்குறிப்பைத் திருத்திவிட்டதாகவும் சொன்னேன்.

அவர் கேட்டார். "அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமுங்களா, நாஞ் சொன்னது சரின்னு?"

"தெரியுமுங்க."

"வேற எடத்துல சேந்துட்டனுங்க. இந்த வேலை கெடைக்காதது கூடப் பெருசில்லீங்க. அன்னிக்கு ஊட்டுக்கு வந்து பழைய புத்தகத்தையெல்லாம் எடுத்து மறுக்கா படிச்சனுங்க. நாந்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டனோன்னு. ஒரு மாசம் நம்பிக்கையே இல்லீங்க." குரல் உயரவே இல்லை. "ஃபோன வெச்சரட்டுங்களா?"

விடைக்குறிப்பை எழுதியவளும் நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை; அவர் ஃபோனை வைத்துவிட்டார்.