அத்தையின் மூன்றாவது சாவி

அத்தை எங்கே கிளம்பினாலும் வாசலைத் தாண்டும் முன் பைக்குள் கையை விட்டுச் சாவிக் கொத்தைத் தடவிப் பார்ப்பாள். மூன்று சாவிகள். முதலாவது, அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரித் தையல் அறையின் அலமாரிக்கு. இரண்டாவது, மகளிர் விடுதியில் அவள் அறைக்கு. மூன்றாவது எதையும் திறக்காது. ஆனாலும் விரல் அதில்தான் நிற்கும். அது இருக்கிறது என்று தெரிந்த பிறகே கால் நகரும். கல்லூரியில் படித்த காலத்திலிருந்து நான் இதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், "இருக்கட்டும்டி, அது பாட்டுக்கு கெடக்கு" என்பாள்.

அத்தை அப்பாவின் தங்கை. ஆஸ்பத்திரியில் கிழிந்த படுக்கை விரிப்புகளுக்கு ஒட்டுப் போடுவதும் அறுவை அறைத் துணிகளுக்கு நாடா தைப்பதும் அவள் வேலை. பேச்சில் கொஞ்சம் எகத்தாளம் உண்டு. தையல் அறையில் யாராவது நூலை வீணாக்கினால், "உங்க அப்பன் நூல் மில்லா வச்சிருக்கான்?" என்பாள். மாமாவைப் பற்றி மட்டும் பேச்சை எடுக்க மாட்டாள்.

மாமா லாரிக் கிடங்கில் மேற்பார்வையாளர். குடிக்க மாட்டார், கத்த மாட்டார். கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். ஒரு முறை ஏழு மாதம் நிறுத்தினார். வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சாப்பாட்டு மேஜையில் வைப்பார். 'உப்பு அதிகம்.' 'சட்டை தேய்க்கவில்லை.' அத்தை அந்தச் சீட்டுகளை எறியவில்லை. பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள். ஒரு நாள் அவள் வேலையிலிருந்து திரும்பியபோது உள்ளே தாழ் போட்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு நாள் இருந்தாள். பிறகு அவரே வந்து, "வா" என்றார். போனாள். அடுத்த ஆண்டு ஒரு மாதம் பன்னிரண்டாம் தேதி அவள் வீடு திரும்பியபோது தாழ் போட்டிருக்கவில்லை. பூட்டே வேறாக இருந்தது. அவள் சாவி உள்ளே நுழையவே இல்லை. அப்படித்தான் விடுதிக்குப் போனாள்.

இரண்டு ஆண்டுகளும் சில மாதங்களும் கழித்து குடும்ப நீதிமன்றத்திலிருந்து ஓர் உறை வந்தது. மாமா விவாகரத்து கேட்டிருந்தார். காரணம், மனைவி கைவிட்டுப் போய்விட்டாள் என்பது. மனுவில் ஒரு வரி இப்படி இருந்தது: 'அதே மாதம் பதினான்காம் தேதி காலை எதிர்மனுதாரர் தன்னிடமிருந்த சாவியால் வீட்டைப் பூட்டிக்கொண்டு தன்னிச்சையாக வெளியேறினார்.'

நான் வாசித்துக் காட்டினேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். காகிதம் எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். அத்தை அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னாள்.

"விவாகரத்து வேணும்னா கேக்கட்டும், குடுக்கறேன். ஆனா ஓடிப்போனவள்னு என்னை எழுதி வச்சிட்டு இல்ல. அந்த வரி நிக்கக் கூடாது."

எங்கள் வக்கீலம்மா கூட்டல் கழித்தல் மாதிரி விளக்கினார். "கைவிட்டாங்கன்னு நிரூபிக்க, பிரிஞ்சு இருந்தா மட்டும் போதாதும்மா. தொடர்ந்து ரெண்டு வருஷம், நியாயமான காரணம் இல்லாம, இனி சேர்ந்து வாழறதில்லைங்கற எண்ணத்தோட போயிருக்கணும். நீங்க போகலை, உங்களை வெளிய தள்ளினாங்கன்னு காட்டிட்டா, கைவிட்டது அவர்தான்னு ஆயிடும். கூடவே, கொடுமைன்னு சொல்லி நாமளும் விவாகரத்து கேக்கலாம். நடந்ததையெல்லாம் வரிசையா எழுதிக் கொண்டு வாங்க."

எழுதியது நான். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அத்தை சொன்னவற்றை எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கு எல்லாமே சப்பென்று இருந்தன. பேசாமல் இருந்தார், சீட்டு எழுதினார், பூட்டினார். இதற்கெல்லாம் எந்த நீதிபதி அசைவார்? 'பலமுறை அடித்துத் துன்புறுத்தினார்' என்று ஒரு வரியை நானே சேர்த்தேன். அது எங்கிருந்து வந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். படித்தவள் எழுதினால் எடுப்பாக இருக்க வேண்டும் என்ற ஆசையா, அடி மட்டுமே கொடுமை என்ற என் அறிவா, தெரியவில்லை. வக்கீலம்மா அதைப் பதில் மனுவிலும் பிறகு சத்தியம் செய்து கொடுக்கும் சாட்சிப் பத்திரத்திலும் ஏற்றினார். அத்தை மதிய உணவு இடைவேளையில் ஓடி வந்தாள். "எல்லாம் சரியா இருக்கா?" என்றாள். "சரியா இருக்கு அத்தை, கையெழுத்து போடுங்க" என்றேன். போட்டாள்.

வழக்கு விசாரணைக்குப் போகும் முன் சமரச அறையில் ஒரு முறை உட்கார வைத்தார்கள். ஆலோசகர் நல்ல மனிதர். "ரெண்டு பேருமே பிரியத்தான் நினைக்கறீங்க. சேர்ந்து சம்மதம்னு மனு போட்டா யாரையும் குத்தம் சொல்லாம முடிஞ்சிரும்" என்றார். மாமா தலையாட்டினார்.

அத்தை, "பூட்டை மாத்தினது நான்தான்னு ஒரே ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்க. எழுதறது அவருக்குப் பழக்கம்தானே. அஞ்சு நிமிஷத்துல கையெழுத்து போடறேன்" என்றாள்.

மாமா ஜன்னலைப் பார்த்தார். வழக்கு விசாரணைக்குப் போனது.

அத்தையின் குறுக்கு விசாரணை நாள். எதிர்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. சீட்டுகளைக் காட்டி, "உப்பு அதிகம்னு எழுதறது கொடுமையா?" என்றார்.

"ஒரு சீட்டு இல்லீங்க. நூத்தி எண்பத்தாறு. நடுவுல ஒரு வார்த்தை பேச்சு கிடையாது."

"முதல் தடவை தாழ் போட்டார்னு சொல்றீங்க. அப்புறம் நீங்களே திரும்பிப் போய் சேர்ந்து வாழ்ந்திருக்கீங்க. அப்போ மன்னிச்சிட்டீங்கதானே?"

"மறுபடி பண்ண மாட்டார்னு நம்பித்தான் போனேன். மறுபடி பண்ணினா அந்த மன்னிப்பு எப்படிங்க நிக்கும்?"

வக்கீலம்மா தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். பின்னால் எங்களிடம் சொன்னார், சட்டமும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறதாம்.

அடுத்த கேள்வி வந்தது. "பலமுறை அடிச்சார்னு எழுதியிருக்கு. எந்தத் தேதி? ஆஸ்பத்திரியிலேயே வேலை பாக்கறீங்க, மருத்துவச் சீட்டு ஒண்ணுகூட இல்லையே?"

அத்தை கூண்டிலிருந்து என்னைப் பார்த்தாள். பிறகு நீதிபதியைப் பார்த்தாள்.

"அடிக்கலீங்க."

"என்ன?"

"அவர் என்னை ஒரு நாளும் அடிச்சதில்ல."

"அப்போ சத்தியம் பண்ணிப் பொய் எழுதிக் குடுத்திருக்கீங்க?"

"வாசிக்காம கையெழுத்து போட்டேன். கையெழுத்து என்னுது, அதனால தப்பும் என்னுது. ஆனா ஐயா, ஒருத்தியை வெளிய நிறுத்த கையை ஓங்கணும்னு அவசியம் இல்ல."

எதிர்தரப்பு வக்கீல் நீதிபதியிடம் திரும்பினார். கணவன் மீது பொய்க் குற்றம் சுமத்துவதே ஒரு கொடுமை, மனுவைத் திருத்தி அதையும் சேர்க்க அனுமதி கேட்பேன் என்றார். என் ஒரு வரியால் அத்தை கைவிட்டவள் மட்டும் அல்ல, கொடுமைக்காரியும் ஆகப் போகிறாள்.

வெளியே வராந்தாவில் வக்கீலம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அத்தை தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினாள்.

"அத்தை, நான்..."

"அழுது தொலைக்காத. இன்னும் பூட்டுக்காரர் வரல."

பூட்டுக்காரர் சந்தைத் தெருமுனையில் சாவி வெட்டிக் கொடுப்பவர். கதவில் புதிய பூட்டைப் பார்த்த மறுநாளே அத்தை அவரிடம் போயிருக்கிறாள். புதுப் பூட்டின் ஓரத்தில் அவர் கடைச் சீட்டு ஒட்டியிருந்ததாம். அவர் சாவியைப் பார்த்த உடனே, "இதோட பூட்டு என் டப்பாவுல கெடக்கு. நேத்துதான் கழட்டினேன்" என்றாராம். "விக்காம வையுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவர் வைத்தார், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக.

அடுத்த விசாரணைக்கு அவர் நீதிமன்ற அழைப்பாணையோடு வந்தார். ஒரு கையில் தடித்த பதிவேடு, மறு கையில் துணியில் சுற்றிய பூட்டு. கடை உரிமத்தின் நிபந்தனைப்படி எந்தப் பூட்டை மாற்றினாலும் தேதி, விலாசம், கொடுத்த சாவிகளின் எண்ணிக்கை, வீட்டுக்காரர் கையெழுத்து எல்லாம் அவர் எழுதியாக வேண்டும். பன்னிரண்டாம் தேதி, காலை பதினொரு மணி. இரண்டு சாவி, இரண்டும் வீட்டுக்காரரிடம். கீழே மாமாவின் கையெழுத்து. அன்று காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை அத்தை தையல் அறையில் இருந்ததை ஆஸ்பத்திரி வருகைப் பதிவு ஏற்கெனவே சொல்லியிருந்தது.

"இதை நேத்து ராத்திரி உக்காந்து எழுதியிருக்கலாமே?" என்றார் எதிர்தரப்பு வக்கீல்.

"எழுதலாம் சார். ஆனா பக்கத்துக்கு நம்பர் அச்சடிச்சிருக்கு, மேலயும் கீழயும் வேற வேற ஆளுங்க கையெழுத்து இருக்கு. அத்தனை பேரையும் ராத்திரி எழுப்பி வாங்கணுமே."

நீதிபதியே சிரித்துவிட்டார்.

வக்கீலம்மா அனுமதி கேட்டு மூன்றாவது சாவியையும் பூட்டையும் அவரிடம் கொடுத்தார். இரண்டிலும் பொறித்திருந்த எண்ணைப் பூட்டுக்காரர் உரக்க வாசித்தார். ஒரே எண். சாவியை நுழைத்துத் திருப்பினார். எண்ணெய் போட்டு வைத்திருந்தார் போல, ஒரே சுற்றில் திறந்தது.

பிறகு மாமாவைக் கூண்டுக்குத் திரும்ப அழைத்தார்கள். வக்கீலம்மா ஒரே கேள்விதான் கேட்டார். "பன்னிரண்டாம் தேதி மாத்தின பூட்டை, பதினாலாம் தேதி அவங்க எந்தச் சாவியால பூட்டினாங்க?"

மாமா பதில் சொல்லவில்லை. ஏழு மாதம் பேசாமல் இருந்தவருக்கு அன்று அது உதவவில்லை.

தீர்ப்பில் என் வரியும் இடம்பெற்றது. அடித்ததாகச் சொன்னது ஏற்கத்தக்கதல்ல, கண்டிக்கத்தக்கது என்று எழுதியிருந்தார்கள். ஆனால் அதைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வியிலேயே தனக்குப் பாதகமான உண்மையை ஒப்புக்கொண்டவரின் மற்றச் சாட்சியத்தை நம்பலாம் என்றும் இருந்தது. இது குற்ற வழக்கல்ல. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. எது அதிகம் நடந்திருக்கக்கூடியது என்று பார்த்தால் போதும் என்று எழுதி, கைவிட்டதாகச் சொன்ன மாமாவின் மனுவைத் தள்ளினார்கள். நீண்ட மௌனமும் பூட்டி வெளியே நிறுத்தியதும் சேர்ந்து மனக்கொடுமை என்று அத்தைக்கு விவாகரத்து கொடுத்தார்கள்.

"அந்த வரி போயிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"போயிடுச்சு அத்தை."

"உன் வரிதான் நிக்குது" என்றாள். சிரித்தாளா என்று இன்றுவரை எனக்கு உறுதியில்லை.

மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் மனுப் போட்டுப் பூட்டையும் சாவியையும் நீதிமன்றத்திலிருந்து வாங்கி வந்தேன். பூட்டு பூட்டுக்காரருடையது. அவர் கேட்ட ஒரே கைம்மாறு, அது திரும்பி வர வேண்டும் என்பதுதான். அத்தை விடுதியைக் காலி செய்து சிறிய வீடு ஒன்று பார்த்திருந்தாள். நான் போனபோது தச்சர் அந்தப் பூட்டுக்காகக் கதவில் துளை போட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தை, அது பூட்டுக்காரரோட பூட்டு."

"தெரியும்டி. இப்பதானே அதுக்கு ஒரு கதவு கெடச்சிருக்கு."

கடைத்தெருப் பக்கம் போகும்போதெல்லாம் பூட்டுக்காரர் அரத்தை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டு, பூட்டு எப்போது வரும் என்பார். ஒரு முறை புதிய பூட்டொன்று வாங்கிப் போய் அவரிடம் நீட்டினேன். கையால் தள்ளிவிட்டார்.

"இது எதுக்கும்மா எனக்கு? சாட்சி சொன்ன பூட்டு அது. கடையில மாட்டி வைக்கணும். உங்க அத்தைகிட்ட சொல்லு, மறக்கல நான்."

சொன்னேன். அத்தை பைக்குள் கையை விட்டுச் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"சொல்லு, நானும் மறக்கல" என்றாள்.