வாழைத்துறை அல்ல, வாளைத்துறை

முப்பத்திரண்டு வருஷம் தபால் பிரிக்கும் மேசையில் நின்று ஓய்வு பெற்றவர் அவர். இப்போது காலையில் பத்திரிகையைப் பிரிப்பதே குற்றம் கண்டுபிடிக்கத்தான். ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் கடிதம் எங்கே போய் விழும் என்பது அவருக்கு அத்துப்படி. பத்திரிகைக்காரனுக்கு என்ன தெரியும், வெங்காயம்!

செவ்வாய்க்கிழமை மாட்டினார்கள். சாலையை அகலப்படுத்த வீடுகளை இடிப்பது பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டம், வெள்ளியன்று வாழைத்துறை சமூகக் கூடத்தில் என்று செய்தி. அணைக்கட்டுக்கு அருகே என்று அடையாளம் வேறு! இடிபடப்போவதோ வாளைத்துறையில், அவர் தங்கை குடியிருக்கும் தெரு. கூட்டமும் அங்கேதான். வாழைத்துறை அறுபது கிலோமீட்டர் தள்ளி, அணைக்கட்டுப் பக்கம் இருக்கும் வேறு ஊர்.

தங்கைக்குப் போன் போட்டுத் தெருவில் எல்லோரிடமும் சொல்லச் சொன்னார். சாயங்காலம் அவளே திரும்பக் கூப்பிட்டாள்.

"யாரும் நம்ப மாட்டேங்கிறாங்கண்ணே. நம்மள அலைய விடத்தான் அங்க வச்சிருக்காங்கன்னு சொல்றாங்க. பேப்பர்லயே திருத்தம் வந்தாத்தான் உண்டு. ஆள் வரலேன்னா வீடு போயிடும்."

"வரும், வரும். அந்தப் பேப்பர் மரமண்டைங்களுக்குப் போன்ல சொன்னா ஏறாது. எழுத்துல கொடுக்கறேன்."

உட்கார்ந்து எழுதினார். வாளை என்பது ஆற்று மீன். அது ஏறி வரும் துறை வாளைத்துறை. அந்த உவர்மண்ணில் ஒரு வாழைக்கன்றுகூடப் பிழைக்காது. பழைய நிலப்பத்திரத்திலும் ரயில் நிலையப் பலகையிலும் தபால் முத்திரையிலும் 'ளை'தான். நடுவே, பிழை திருத்துபவர் பள்ளிக்கூடம் பக்கம் போனதுண்டா என்ற விசாரிப்பு. எந்தச் செய்தி, எந்தக் கூட்டம், சரியான இடம் எது என்பதையெல்லாம் கடைசிப் பத்தியில் வைத்தார். சாட்டையை முதலில் சொடுக்கினால்தானே முட்டாளுக்கு உறைக்கும்! புதன் காலை பத்திரிகை அலுவலகத்துக்கு நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

வியாழனன்று பத்திரிகையில் கடிதம் வந்தது. 'மீன் கொடுத்த பெயர்' என்று அழகான தலைப்பு. வசவு இல்லை. கடைசிப் பத்தியும் இல்லை.

போனில் கத்தினார். உதவி ஆசிரியர் பொறுமையாகச் சொன்னார்: "இடம் இருபது வரிதான் சார். திட்டின வரிய எடுத்துட்டோம். அதுக்கப்புறமும் நீளமா இருந்தா அடியிலிருந்துதான் வெட்டுவோம். முக்கியமானத மேல எழுதணும், சார்."

"அப்போ நாளைக்கு ஒரு திருத்தம் போடுங்க!"

"நாளைக்கு வர்ற பக்கமெல்லாம் முடிஞ்சிடுச்சே, சார்."

தெருவில் மறுபடி சொல்லிப் பார்க்கும்படி தங்கையிடம் கெஞ்சினார். அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

வெள்ளி மத்தியானம் அவளே பேசினாள்.

"கூடத்துல நான் ஒருத்திதாண்ணே. அதிகாரி பத்து நிமிஷம் பார்த்தாரு. ஆட்சேபம் ஒண்ணுன்னு எழுதிக்கிட்டுக் கிளம்பிட்டாரு."

"மத்தவங்க?"

"விடியக்காலையிலேயே வேன் பிடிச்சு அணைக்கட்டுக்குப் போயிட்டாங்க. வழியெல்லாம் உன் கடிதாசியத்தான் சத்தமாப் படிச்சுக்கிட்டே போனாங்களாம். மீன் கதை ரொம்ப நல்லா இருந்துச்சாம்."