விளிம்புக்கு விடாத தகடு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. முசலிப் பக்கத்துப் பள்ளிவாசல் ஒன்று நோன்புக் கஞ்சிக்கு அலுமினியக் கோப்பைகள் வேண்டுமென்று எங்கள் பட்டறைக்கு ஓடர் தந்தது.
2. எங்கள் போர்மன் கோப்பைக்குத் தேவையான வட்டத் தகட்டின் விட்டத்தைக் கணக்குப் பார்த்து, நூற்றைம்பது மில்லிமீற்றர் என்று முதலாளிக்குப் போனில் சொன்னார்.
3. முதலாளி தகடுகளை வழக்கமான இடத்தில் வெட்டுவிக்காமல் கொழும்பில் வெட்டுவித்தார்.
4. தகடுகள் வந்து இறங்கின. எல்லாம் நூற்றைம்பது.
5. தகட்டை அச்சில் அழுத்திக் கோப்பையாக்கும் எங்கள் பிரஸ் புத்தளத்துக்குப் போனது.

நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையில் நடந்ததைத்தான் எழுத வேண்டும்.

பட்டறை மன்னார்ப் பக்கத்துப் பாப்பாமோட்டையில், முன்பு நெல் அடுக்கி வைத்த ஒரு கட்டடத்தில் இருந்தது. காணி முதலாளியின் வாப்பாவுடையது. அவருடைய குடும்பம் இடம்பெயர்ந்து புத்தளத்துக்குப் போய் அங்கேயே வேர்விட்டது. பெரிய பட்டறையும் அங்கேதான். ஒரேயொரு பிரஸ்ஸை மட்டும் சொந்த ஊர்ப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார். இங்கே வேலை செய்தது மூன்று பேர்: போர்மன் அண்ணை, பிரஸ் இயக்கும் அக்கா, நான். அக்கா ஓலைத்தொடுவாயிலிருந்து பஸ்ஸில் வந்து போனா. நான் வவுனியாவில் உற்பத்தித் தொழில்நுட்பம் படித்து முடிக்கிற கட்டத்தில் இருந்தவள். அளவு சரிபார்ப்பது என் வேலை.

முதலாளி ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். "ஒரு பெரிய ஓடர் ஒழுங்காப் போகட்டும். போனா பிரஸ் இங்கயே நிக்கும். இல்லாட்டி நோன்புக்கு முந்தி லொறில ஏத்திருவன். நான் சும்மா இரும்பக் காவல் காக்க ஏலாது."

அந்தப் பெரிய ஓடர்தான் கஞ்சிக் கோப்பை.

அண்ணை கணக்குப் பார்த்த நாட்களில் நான் வவுனியாவில் இறுதி வாய்மொழிப் பரீட்சையில் இருந்தேன். திரும்பி வந்தபோது சுவரில் சோக்கால் எழுதியது அப்படியே இருந்தது. கோப்பை தொண்ணூறு மில்லிமீற்றர் விட்டம், நாற்பது உயரம். தகடு இழுபட்டுக் கோப்பையாகும்போது அதன் தடிப்பு மாறுவதில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வட்டத் தகட்டின் பரப்பும் முடிந்த கோப்பையின் பரப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். கோப்பையின் பரப்பென்றால் அடியும் சுவரும். சமன்பாட்டின் இரண்டு பக்கத்திலும் உள்ள பொதுவானவற்றை வெட்டிவிட்டால் மிஞ்சுவது சுலபமானது: விட்டத்தின் வர்க்கத்தோடு, விட்டத்தை உயரத்தால் பெருக்கி நாலால் பெருக்கியதைக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

எண்ணாயிரத்து நூறு. பதினாலாயிரத்து நானூறு. கூட்டினால் இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு. வர்க்கமூலம் நூற்றைம்பது.

மிச்சமில்லாமல் முழு எண்ணாக வந்திருந்தது. அண்ணை அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார். "பாத்தீங்களே பிள்ளை, கடவுளே கணக்குப் போட்ட மாதிரி" என்றார்.

அன்றைக்குத்தான் லொறியும் வந்தது. நான் ஒரு தகட்டை எடுத்து வேர்னியர் அளவுகோலால் அளந்தேன். நூற்றைம்பது. இன்னொன்று. அதுவும் நூற்றைம்பது. பள்ளிவாசலார் மாதிரிக்குத் தந்த கோப்பை மேசையில் இருந்தது. அதைக் கையில் எடுத்தபோதுதான் விரலில் பட்டது. வாய் விளிம்பு வெளிப்பக்கமாகச் சுருட்டி உருண்டையாக மடிக்கப்பட்டிருந்தது. வாய் வைத்துக் குடிக்கிற எந்த அலுமினியக் கோப்பையும் அப்படித்தான் இருக்கும்.

சுவரில் இருந்த நாற்பதில் அந்தச் சுருளுக்கு இடம் இல்லை.

"அண்ணை, விளிம்புக்கு எவ்வளவு விட்டனீங்கள்?"

"அதை நாங்கள் விடுறேல்லைப் பிள்ளை. வெட்டுறவன் போடுவான்."

அவர் புத்தளத்துப் பட்டறையில் பல வருடம் வேலை செய்தவர். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. போர்மன்மார் கோப்பையின் சுத்தக் கணக்கை மட்டும் சொல்வார்கள். தகடு வெட்டுகிற முதியவர், இது விளிம்பு மடிக்கிற சாமானா, மூடியா என்று கேட்டு, மடிப்புக்கும் ஓரம் நறுக்குவதற்கும் தேவையானதைத் தானே கூட்டி வெட்டுவார். யாரும் அதை எழுதியதில்லை, எழுத வேண்டி வந்ததுமில்லை.

கொழும்பில் வெட்டியவர்களுக்கு அந்த வழக்கம் தெரியாது. முதலாளி நூற்றைம்பது என்று சொன்னார், அவர்கள் நூற்றைம்பதாக வெட்டினார்கள். அதிலும், வெட்டாத முழுச் சீற்றாகக் கொண்டுவந்தால் கழிவுக்கும் சேர்த்து லொறிக் கூலி கொடுக்க வேண்டுமென்று வட்டமாகவே வெட்டி எடுத்திருந்தார் முதலாளி. திருப்பி வெட்ட ஒரு துண்டு சீற்றும் எங்களிடம் இல்லை, நோன்புக்கு முன் கொழும்பில் மறுபடி வெட்டுவித்து எடுக்க நாளும் இல்லை.

நான் சுவரில் பக்கத்திலேயே எழுதினேன். சுருளின் தடிப்பு நாலு மில்லிமீற்றர். அதைச் சுற்றப் பத்து மில்லிமீற்றரளவு தகடு போகும். இழுத்த கோப்பையின் வாய் ஒருபோதும் சமமாக வராது, அலை அலையாக நிற்கும். நறுக்கிச் சமப்படுத்த நாலு வேண்டும். நேர்ச்சுவர் சுருளின் நடுவரை மட்டுமே போவதால் முப்பத்தெட்டு. மூன்றையும் கூட்டினால் சுவரின் உயரம் ஐம்பத்திரண்டு. அதைக் கணக்கில் போட்டால் தகடு நூற்றறுபத்துநாலு. அடி மூலை வளைந்திருப்பதால் ஒன்றிரண்டு குறையும். எப்படிப் பார்த்தாலும் நூற்றறுபத்திரண்டுக்குக் கீழே வராது.

அண்ணை ஒரு தகட்டை எடுத்து விரலால் வளைத்துப் பார்த்தார். பிறகு, "அலுமினியம் மெத்தென்றது. இழுத்தா வரும்" என்றார்.

"பரப்பு எங்கேயிருந்து வரும் அண்ணை?"

அவர் அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா தகட்டுக்கு எண்ணெய் தடவி அச்சில் வைத்தா. முதல் கோப்பை ஒழுங்காக வந்தது. உயரம் நாற்பதுக்குச் சற்று மேலே, வாய் அலை அலையாக. கணக்குப் பொய் சொல்லவில்லை. தகட்டை அமுக்கிப் பிடிக்கும் வளையத்தின் அழுத்தத்தைக் கூட்டச் சொன்னார் அண்ணை. வெளியே உள்ளது இலகுவாக உள்ளே வராவிட்டால் சுவர் நீளும் என்பது அவருடைய எண்ணம். அக்கா கூட்டினா. கோப்பை ஒரு மயிரிழை உயர்ந்தது. இன்னும் கூட்டினா. அடி மூலையைச் சுற்றிக் கிழிந்து, அடித்தட்டு தனியாக, மூடி மாதிரிக் கழன்று விழுந்தது.

அக்கா அதைக் குனிந்து எடுத்தா. "கஞ்சிக்குக் கோப்பை கேட்டவைக்கு இப்ப தட்டும் சேத்துக் குடுக்கலாம் போல" என்றா. அண்ணை சிரிக்கவில்லை. அவவும் பிறகு சிரிக்கவில்லை.

ஒரு கோப்பையை ஓரம் நறுக்கி, விளிம்பு மடித்துப் பார்த்தோம். உயரம் முப்பதுக்கும் கீழே போய்விட்டது. விட்டத்தைக் குறைத்தால் இதே தகட்டில் உயரமான கோப்பை வரும். ஆனால் அதற்கு வேறு அச்சு கடைய வேண்டும், அதற்கு நாட்கள் இல்லை. மிஞ்சியது ஒன்றுதான்: ஓரத்தை நறுக்கிவிட்டு, மடிக்காமல், அரத்தால் மழுக்கிக் கொடுப்பது.

அப்படி ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டுதான் பள்ளி நிர்வாகியை வரச் சொன்னோம். முதலாளியும் புத்தளத்திலிருந்து வந்தார். நிர்வாகி வெள்ளைச் சட்டை போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். முதலில் விளிம்பு மடித்த எங்கள் சின்னக் கோப்பையைக் கையில் வைத்துப் பார்த்தார்.

"இது தேத்தண்ணி குடிக்கிறத்துக்கா, சாகிப்?" என்று முதலாளியைக் கேட்டார். "நாள் முழுக்கப் பசியோட இருந்துட்டு வாறவனுக்கு இது ரெண்டு மிடறு."

பிறகு மடிக்காத கோப்பையை எடுத்தார். பெருவிரலை விளிம்பு நெடுக ஓட்டினார். ஓரிடத்தில் நின்றது. விரலைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். இரத்தம் இல்லை, மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும்.

"சின்னப் பிள்ளைகளும் குடிக்கும்" என்றார். "நோன்பு திறக்கிற வாயக் கிழிச்சுக்கொள்ளச் சொல்றீங்களா?"

அவர் கோபப்படவில்லை. "இந்த வருஷமும் பிளாஸ்டிக்தான். அல்லாஹ் நாடினா பிறகு பாப்பம்" என்று சொல்லி ஸலாம் கொடுத்துவிட்டு வெளியே போனார். வாசலில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை உதைத்துப் புறப்படும்வரை நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம்.

முதலாளி கதிரையில் இருந்தார். சுவரில் இருந்த இரண்டு கணக்கையும் பார்த்தார்.

"எத நம்பிப் போன்ல அந்த நம்பரச் சொன்னீங்க?"

"வெட்டுறவர் எப்பவும் போடுறவர்தானே" என்றார் அண்ணை. "நீங்கள் ஆளை மாத்தினது எனக்குத் தெரியாது."

"கொழும்பான் எழுதினதத்தானே வெட்டுவான்."

"ஓம். அதுதான் வெட்டியிருக்கிறான்."

இரண்டு பேரும் சொன்னது உண்மை. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். முதலாளி கையை உயர்த்தினார், கோபமாக அல்ல, களைப்பாக. "மகள், உங்கட கணக்கு சரிதான். அவர்ட கணக்கும் சரிதான். ரெண்டு சரியும் சேந்து எனக்கு ஒரு கோப்பையும் வரல்ல."

அந்தத் தகடுகளைப் புத்தளத்தில் வேறு சாமானுக்கு, மூடிகளுக்கு, அடித்துக்கொள்ளலாம் என்றார். அதற்கான அச்சுகள் அங்கே இருந்தன. பிரஸ்ஸும் அதோடு போகும் என்று அவர் தனியாகச் சொல்லவில்லை. எங்களுக்கு முன்பே தெரியும்.

லொறி வருவதற்குள் அக்கா பிரஸ்ஸின் தூண்களைத் துடைத்து, உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காமல் கிறீஸ் பூசினா. எதற்கு என்று கேட்டேன். "போற இடத்தில குறை சொல்லக்கூடாது" என்றா. சங்கிலி போட்டுத் தூக்கியபோது சீமெந்துத் தரையில் நாலு போல்ட் துளைகள் மிஞ்சின. அண்ணை அவற்றுக்குள் துணி அடைத்தார், எலி வந்துவிடும் என்று.

நான் மனதுக்குள் பலமுறை வரிசைப்படுத்திப் பார்த்திருக்கிறேன். வெட்டுபவரை மாற்றியதை முதலாளி சொல்லியிருந்தால். விளிம்புக்கு எவ்வளவு என்று அண்ணை ஒரு சொல் சேர்த்திருந்தால். கொழும்பில் யாராவது இது எதற்கு என்று கேட்டிருந்தால். ஒவ்வொன்றும் ஒரு சிறு வேலை. எதுவும் யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. வவுனியாவில் படித்தபோது சொல்லித் தந்த சமன்பாட்டில் முடிந்த கோப்பையின் பரப்பு என்றுதான் இருந்தது. முடிந்த என்ற சொல்லுக்குள் சுருளும் அடங்கும் என்பதை நான் இப்போது மற்றவர்களுக்குச் சொல்லும்போது மிகவும் மெதுவாகச் சொல்கிறேன்.

பிரஸ் புத்தளத்தில் ஓடுகிறது. அண்ணை அதோடு போகவில்லை. மன்னார் டவுனில் ஒரு வெல்டிங் கடையில் இரும்புக் கேற் செய்கிறார். அக்கா நண்டுக் கம்பனியில் நண்டு உடைக்கிறா. நான் ஒரு பயிற்சி நிலையத்தில் கிழமைக்கு இரண்டு நாள் படிப்பிக்கிறேன். பாப்பாமோட்டைக் கட்டடம் பூட்டியிருக்கிறது. சுவரில் இரண்டு கணக்கும் இன்னும் இருக்கின்றன, யாரும் அழிக்கவில்லை.