அணில் படம் போட்ட பனியன்

எண்ணெய்ச் சாயத்தில் படம் அச்சடித்த பனியனை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, பச்சைத் தண்ணீரில், மென்மையான சோப்புப் போட்டு அலச வேண்டும். கல்லில் அடிக்கக் கூடாது. முறுக்கிப் பிழியக் கூடாது. நிழலில் உலர்த்த வேண்டும். படத்தின் மேல் இஸ்திரிப் பெட்டி படக் கூடாது. மதுரையில் அச்சடித்தவர் என் தம்பியிடம் சொல்லி அனுப்பிய விதி இது. அரசாங்க விதிகள் பலவற்றைவிடத் தெளிவானது.

போடிக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட் ஒன்றில் தம்பி கணக்கர். அங்கே கைப்பந்து அணியிலும் ஆடினான். அணியின் பனியனுக்கு மலை அணிலை அவனே வரைந்தான். மற்றவர்கள் பனியனைச் சலவைக்குப் போட்டார்கள். வெள்ளாவியில் வெந்து, கல்லில் அடிபட்டு, முதல் மாதமே அணில்கள் பாளம் பாளமாக வெடித்தன. நூல் இழுத்தால் நீளும். மேலே காய்ந்த சாயம் நீளாது, விரிசல் விடும். தம்பி மட்டும் தன்னுடையதைத் தானே அலசினான்.

"ஆத்தா, இதுல மட்டும் கை வச்சிராத. அணிலு கடிச்சுப்புடும்."

"கடிக்கட்டும். உன்னைய விடவா?" என்பாள் பெற்றவள்.

மலைக்காய்ச்சல் அவனை நான்கே நாளில் கொண்டுபோனது. அவனுடைய துணிமணிகளை வழக்கப்படி கொடுத்துவிட்டோம். அந்தப் பனியனை மட்டும் ஆத்தா கொடுக்கவில்லை. மடியில் வைத்திருப்பாள்; அழுவாள்; அழுக்கானதும் துவைப்பாள். கல்லில் அடித்து, முறுக்கிப் பிழிந்து, உச்சி வெயிலில் கொடியில் போடுவாள். முதலில் வாலின் சிவப்பு வெளுத்தது. பிறகு முதுகில் விரிசல் ஓடியது.

"இப்படித் துவைச்சா படம் போயிரும் ஆத்தா. திருப்பிப் போட்டு, கும்பாத் தண்ணியில சும்மா அலசு. நிழல்ல காயப்போடு" என்றேன்.

கல்லில் அடிப்பதை அன்றே நிறுத்தினாள். நிழலுக்கும் சம்மதித்தாள். ஆனால் பனியனைத் திருப்ப மறுத்துவிட்டாள்.

"எம்பிள்ளை மூஞ்சியத் திருப்பி வச்சு நான் துவைக்கணுமாக்கும்? நல்லா இருக்குய்யா உன் சட்டம். போய் ஆபீசுல சொல்லு, அப்பு."

ஒவ்வொரு முறையும் படத்தின் மேல்தான் அவள் கை தேய்த்தது, குழந்தையின் முகம் கழுவுவதுபோல. தண்ணீரில் சாயப் பொருக்குகள் மிதந்தன. அவற்றை விரலால் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். தாலுகா ஆபீசில் கோப்புகளை நகர்த்தத் தெரிந்த எனக்கு அதைத் தடுக்க ஒரு பிரிவும் கிடைக்கவில்லை.

அதே படத்தைப் புதுப் பனியனில் அடித்துத் தரும்படி மதுரைக்கு எழுதினேன். முறைப்படி ஒரு நினைவூட்டல், பிறகு இன்னொன்று. பதில் இல்லை. கடைசியாக அணிலின் கண் மட்டும் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அதுவும் உதிர்ந்தது. ஆத்தா அன்று அழவில்லை. வெள்ளைப் பனியனை நிழலில் காயப்போட்டுவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

பிறகுதான் கார்டு வந்தது. அணில் படம் அடித்த மரச்சட்டத்தை அப்போதே கழுவி வேறு படத்துக்கு எடுத்துக்கொண்டாயிற்றாம். பழைய பனியனை அனுப்பினால், அதைப் பார்த்துத் திரும்ப வரைந்து தருவார்களாம்.

கார்டு வந்த அன்றுதான் எஸ்டேட்டுகளுக்கிடையே, தம்பி இல்லாத முதல் கைப்பந்து இறுதியாட்டம் நடந்தது.