திரும்பி வராத பாக்கெட்

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையில் இருந்த ஒரு கன்டெய்னர் யார்டில் நெட்வொர்க் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே என்னோடு வேலை பார்க்கும் நண்பன் பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்த மறுநாள் காலை போன் வந்தது. கேட்டில் இருக்கும் எடைமேடைக் கம்ப்யூட்டருக்கு சர்வர் கிடைக்கவில்லையாம். எடை பதிவாகிச் சீட்டு வராமல் ஒரு லாரியும் யார்டுக்குள்ளேயோ ஹார்பருக்கோ போக முடியாது. ராயபுரத்து வீட்டில் இட்லியைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

யார்டுக்கு வெகுதூரம் முன்பே லாரி வரிசை தொடங்கிவிட்டது. புழுதிக்குள் ஓரமாகப் புகுந்து போய்ச் சேர்ந்தேன். எடை போடும் அண்ணன் கேபினை விட்டு வெளியே நின்றிருந்தார்.

"இன்னாமா இவ்ளோ லேட்டு? ரோடு பூரா வண்டி நின்னுகினு கீது. ஆளாளுக்கு என்னையே திட்டுறான்."

முதல் லாரியில் ஏற்றுமதி இறால். நான் எடைமேடைக் கேபினுக்குள் நுழைந்ததும் அதன் டிரைவர் பின்னாலேயே வந்துவிட்டார். "மத்தியானத்துக்குள்ள ஹார்பர்ல பெட்டிய இறக்கணும்மா. இல்லாங்காட்டி கப்பல்ல ஏத்த மாட்டான். கொஞ்சம் பாரும்மா."

என்னால் உட்காரவே முடியவில்லை. நின்றபடியே லேப்டாப்பைத் திறந்து, நெட்வொர்க் வரைபடத்தை மேசையில் விரித்து, கேட் இருக்கும் இடத்தில் பேனாவை வைத்தேன். கேட் கம்ப்யூட்டரின் முகவரி 10.5.3.20. சர்வர் 10.5.1.10. இரண்டும் வேறு வேறு சப்நெட், ஒரே நெட்வொர்க்கின் தனித்தனிப் பகுதிகள். அதனால் பாக்கெட், அதாவது அனுப்பும் தகவல் துண்டு, நேராகப் போகாது. முதலில் கேட் பக்கத்து ரூட்டருக்குப் போகவேண்டும். ரூட்டருக்கு, இருக்கிறாயா என்று கேட்கும் பிங் அடித்தேன், பதில் வந்தது. ரூட்டரை அடுத்து, எதை உள்ளே விடுவது என்று பார்க்கும் ஃபயர்வால். அங்கிருந்தும் பதில் வந்தது. சர்வருக்கு அடித்தபோது மட்டும் ஒன்றுமில்லை.

யார்டு மேனேஜர் வேகமாக வந்தார். "ஃபயர்வால்தான் தடுக்குது. எல்லாத்தையும் திறந்து விட்டுடுங்க. சாயங்காலம் மூடிக்கலாம்."

"தடுக்குதான்னு பார்த்துட்டுச் சொல்றேன் சார்."

"பார்க்கறதுக்கெல்லாம் நேரமில்ல. வெளிய வந்து வரிசையப் பாருங்க!"

வெளியே ஹாரன் நிற்கவேயில்லை. ஃபயர்வால் பதிவுகளைத் திறந்தேன். கேட்டிலிருந்து வந்த பாக்கெட் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கொடுத்து, சர்வர் பக்கம் அனுப்பியிருந்தது. திரும்பி வந்தது பூஜ்யம். திறந்த கதவை எதற்குத் திறப்பது? மேனேஜரிடம் திரையைக் காட்டினேன். "சார், போறது போயிடுது. பதில்தான் வரல. இப்ப திறந்து விட்டா கண்டவன் உள்ள வருவான், நம்ம லாரி வராது." அவர் முகம் சிவந்தது. "உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதுவரை என் பேனா கேட்டிலிருந்து சர்வருக்குத்தான் போயிருந்தது. இப்போது சர்வரிலிருந்து கிளம்பினேன். பதில் பாக்கெட் 10.5.3.20க்குப் போகவேண்டும். அது வேறு சப்நெட் என்று சர்வருக்குத் தெரிந்தால் ஃபயர்வாலிடம் கொடுக்கும். தெரியாவிட்டால்?

சர்வரை வைத்த நண்பனுக்குப் போன் போட்டேன்.

"ஆபீஸ்ல எல்லாருக்கும் வருதே," என்றான்.

"ஆபீஸ்ல இருக்கற மெஷின் எல்லாம் 10.5.1. சர்வர் இருக்கற அதே சப்நெட். அவங்களுக்கு ரூட்டரும் வேணாம், ஃபயர்வாலும் வேணாம். நீ சப்நெட் மாஸ்க் என்ன போட்டிருக்க, பாரு."

கீபோர்டு தட்டும் சத்தம். பிறகு அவன் படித்தான்: "255.255.0.0."

தன் சப்நெட் எதுவரை என்று சர்வருக்குச் சொல்வது மாஸ்க். அதில் கடைசியிலிருந்து இரண்டாவது இடத்திலும் 255 இருந்திருக்கவேண்டும். இல்லாததால் 10.5 என்று தொடங்கும் எல்லாமே தன் பக்கத்திலேயே இருப்பதாக சர்வர் நினைத்துக்கொண்டது. கேட் கம்ப்யூட்டர் எங்கே என்று தன் சப்நெட்டுக்குள்ளேயே கூவிக்கொண்டிருந்தது. அங்கே பதில் சொல்ல யாருமில்லை. பதில் பாக்கெட் சர்வரை விட்டுக் கிளம்பவே இல்லை.

அவன் மாற்றிய சில நொடிகளில் பிங் திரும்பி வந்தது. எடைச் சீட்டு அச்சாகும் சத்தம் கேட்டு அண்ணன், "வந்துச்சுமா!" என்று கத்தினார். இறால் டிரைவர் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். அவருடைய பெட்டி கப்பலில் ஏறிவிட்டதாக மறுநாள் அண்ணன் சொன்னார். வரிசையில் பின்னால் நின்ற சிலருடையது ஏறவில்லை. அதற்கு மேனேஜர் என்னைத்தான் கேள்வி கேட்டார். தாமதம்தான், ஒப்புக்கொண்டேன், ஃபயர்வாலைத் திறக்காததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அன்று வேலை முடிந்தும் என்னால் கிளம்ப முடியவில்லை. நண்பனுக்கு மறுபடி போன் செய்து, இந்த சர்வர் பழுதானால் இதன் இடத்தில் ஓட அவன் தயாராக வைத்திருந்த மாற்று சர்வரையும் பார்க்கச் சொன்னேன். "அது இப்ப யாருக்கும் தேவையில்லையே, விடேன்," என்றான். விடவில்லை. முணுமுணுத்துக்கொண்டே பார்த்தான். அதிலும் அதே மாஸ்க்.