தோளில் பிடித்த வாயு

ரஷ்யாவில் மருத்துவம் படித்த நாளில், துணிக் கண்காட்சிக்கு வந்த திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி ஒருவருக்கு மொழிபெயர்க்க கிளினிக்குக்குப் போனேன்.

"தோள்பட்டைல வாயு புடிச்சுக்கிச்சு கண்ணு. திரும்புனா சுருக்குனு குத்துதுங்க."

வாயுவை 'காஸி' என்றேன். ரஷ்ய மொழியில் அது வயிற்றுக்குள் இருப்பது. டாக்டரம்மா அவர் வயிற்றை அமுக்கிவிட்டு, கடைசியாக எப்போது குசு விட்டார் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். முதலாளி முறைத்தார்.

அவசரமாகத் தோளைக் காட்டி, 'கோலெத்', அதாவது குத்துகிறது என்று திருத்தினேன். இதயக் குத்தலோ என்று ஈசிஜி எடுத்தார்கள், கோளாறில்லை. டாக்டரம்மா தோளை அழுத்தினார். முதலாளி அலறினார்.

"ப்ரதூலோ" என்றார் டாக்டரம்மா. குளிர்காற்று பட்டுப் பிடித்துக்கொண்டதாம்.

"காத்துப் புடிச்சிருக்குதாமுங்க."

"அதத்தானுங்க நான் மொதல்லயே சொன்னேன்!"