பலகை ஓரம் வைத்த தாடை

என் தங்கை புருஷன் காட்டுக் காவலர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே முகாம். நான் மூணாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் ஒருத்தர் தயவும் இல்லாமல் நாலு ஜீப் வாங்கி, வனத்துறைக்கே வாடகைக்கு விடுகிறவன். என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மாப்பிள்ளை நேர் எதிர். பத்து கேட்டால் ஒன்று சொல்வார். யானையோடவே இருந்து மனுஷப் பேச்சு மறந்துபோச்சு என்று தங்கை கேலி செய்வாள்.

முகாமைச் சுற்றி யானை தாண்ட முடியாத அகழி. போக வர ஒரே பலகைப் பாலம். போன வருஷம் அகழிக்கு வெளியே ஓடையில் ஒரு கிழட்டுப் பெண் யானை செத்தது. பல்லைப் பார்த்து வயசு கணக்கிட வனத்துறை யானை டாக்டர் கீழ்த்தாடையைக் கேட்டார். மாப்பிள்ளை அதைக் கயிறு கட்டி இழுத்துவந்து, ஜீப்பில் ஏற்ற வசதியாக, வெளிப்பக்கம் பலகை ஓரம் வைத்தார்.

மறுநாள் மத்தியானம் முகாமுக்குள்ளேயே விறகு எடுக்கப் போன தங்கையை விரியன் காலில் கடித்தது. மாப்பிள்ளை வாக்கிடாக்கியில் கூப்பிட்டார், இருபது நிமிஷத்தில் போய்விட்டேன். பலகைக்கு முன்னால் தாடையைச் சுற்றி ஏழு யானை; அவர்கள் அகழிக்கு உள்ளே, நான் வெளியே.

சத்தமே இல்லை. தும்பிக்கை நுனியைப் பல் இருந்த குழிக்குள் விட்டு மோந்தன. ஒன்று பின்னங்காலைத் தூக்கி, உள்ளங்காலால் மெல்லத் தடவியது. ஹாரன் அடிக்கட்டுமா என்று வாக்கிடாக்கியில் கேட்டேன்.

"வேண்டாம் மச்சான். குட்டி இருக்கு. மிரண்டா எந்தப் பக்கம் பாயும்னு சொல்ல முடியாது."

"அவ கால் எப்படி இருக்கு?"

"தொடை வரைக்கும் வீங்கிருச்சு."

அரை மணியில் ஆறு போயின. காது கிழிந்த ஒன்று மட்டும் நகரவில்லை. போகும், திரும்பி வரும், தாடையைப் புரட்டும். அது அங்கிருந்து போக இன்னும் ஒரு மணிக்கு மேலானது. பிறகுதான் மாப்பிள்ளை தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு பலகையைக் கடந்தார்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்கு யானை டாக்டர் வந்தார். மாப்பிள்ளை அவரிடம், அது தாயைத் தேடி வந்த மகளா என்று கேட்டார்.

"இருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது. தெரியாத யானையோட எலும்பா இருந்தாலும் தொட்டுப் பார்க்கும். தன் இனம்னு வாசனையில தெரியுது. ஏன் அவ்வளவு நேரம் நிக்குதுன்னு யாருக்கும் முழுசாத் தெரியாது."

"நான் அதை அங்க வைக்கலைன்னா?"

டாக்டர் தரையைப் பார்த்தார். "மத்த எலும்பு கிடக்கிற ஓடையிலதான் நின்னிருக்கும்."

பலகை ஓரம் வை, என் வண்டி முள்ளுக்குள் வராது என்று அதட்டியது நான். அதை டாக்டரிடம் சொல்ல வாய் வரவில்லை, ஊரையே அடக்கிய என் வாய்க்கு. மாப்பிள்ளையும் சொல்லவில்லை. நர்ஸ் சம்மதக் காகிதத்தை நீட்டினாள்; தங்கையின் காலை முழங்காலுக்கு மேலே எடுத்தால்தான் உயிர் தங்குமாம். மாப்பிள்ளை ஒரு தரம் என்னைப் பார்த்தார். பிறகு தன் பெயரை எழுதினார்.